பி.எஃப். பாஸ்புக்கில் கணக்கு இடிக்கிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்ததும் பெரும்பாலானவர்கள் கடைசி வரியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கோளாறு எதுவானாலும் மாதாந்திர வரியில்தான் முதலில் தெரியும். அதனால் மொத்தத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஏதாவது ஒரு மாதத்து வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 22,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு அந்த வரி இப்படி இருக்கும்:

```
Wage Month  : May-2024
Date        : 14-06-2024
Type        : CR
Particulars : Cont. For Due-Month 062024
EPF Wages   : 22,000
EPS Wages   : 15,000
Employee    : 2,640
Employer    : 1,390
Pension     : 1,250
```

`Employee` என்பது உங்கள் சம்பளத்தில் பிடித்த 12 சதவீதம். சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் என்று போட்டிருக்கும் தொகையும் இதுவும் ரூபாய் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். `Employer`, `Pension` இரண்டுமே நிறுவனம் கட்டும் பணம். நிறுவனமும் 12 சதவீதம்தான் கட்டுகிறது, ஆனால் அது இரண்டாகப் பிரிந்து இரண்டு கட்டத்தில் விழுகிறது. 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, மீதி உங்கள் பி.எஃப். கணக்கில் சேர்கிறது.

ஆக, சாதாரணமான ஒரு வரியில் `Employer` + `Pension` = `Employee`. மேலே உள்ளதில் 1,390 + 1,250 = 2,640. சரியாக வருகிறது. பாஸ்புக் குறித்து வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை இந்த ஒரே கூட்டலை வைத்தே பிரித்துவிடலாம். கூட்டல் சரியாக வந்தும் சந்தேகம் இருந்தால் கோளாறு ஒரு வகை, கூட்டலே இடித்தால் வேறு வகை.

"நான் கட்டுவதில் பாதிதான் கம்பெனி கட்டுகிறது"

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். சம்பளம் 15,000 ஆக உள்ளவருக்கு வரியில் 1,800, 550, 1,250 என்று இருக்கும். 1,800-ஐயும் 550-ஐயும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்குமே வயிறு எரியத்தான் செய்யும். மூன்றாவது கட்டத்தையும் கூட்டினால் 1,800 வந்துவிடும். கம்பெனி எதையும் குறைக்கவில்லை.

ஓய்வூதியக் கட்டத்தில் எப்போதும் 1,250 என்றே நிற்பதற்கும் காரணம் உண்டு. 2014 செப்டம்பர் 1 முதல் ஓய்வூதியத்துக்கான சம்பள வரம்பு 15,000 ரூபாய். அதில் 8.33 சதவீதம் என்பது 1,249 ரூபாய் 50 காசு, முழு ரூபாயாக்கினால் 1,250. உங்கள் சம்பளம் 40,000 ஆனாலும் இந்தக் கட்டம் இதைத் தாண்டாது (கூடுதல் ஓய்வூதியத்துக்கு விருப்பம் கொடுத்து ஏற்கப்பட்டவர்கள் மட்டும் விதிவிலக்கு). பழைய வரிகளில் 541 என்று இருந்தால் பதற வேண்டாம், அப்போது வரம்பு 6,500. சம்பளம் 15,000-க்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தத் தொகை மாதா மாதம் மாறும். உதாரணமாக 12,000 சம்பளத்துக்கு வரி 1,440, 440, 1,000 என்று வரும். சம்பளம் இல்லாத விடுப்பு விழுந்த மாதத்தில் `EPF Wages` கட்டமே இறங்கியிருக்கும், அதோடு மற்ற மூன்றும் இறங்கும்.

இனி, கூட்டல் நிஜமாகவே இடிக்கும் நிலைமை. உங்கள் கட்டத்தில் 2,640, நிறுவனத்தின் இரண்டு கட்டத்திலும் சேர்த்து 1,800 மட்டும் என்று வைத்துக்கொள்வோம். இதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள். ஒன்று, நிறுவனம் 15,000 வரம்போடு தன் பங்கை நிறுத்திக்கொண்டு, உங்களிடம் மட்டும் முழுச் சம்பளத்துக்குப் பிடித்திருக்கலாம். வரம்புக்கு மேல் கட்டும் கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது, ஆகவே இதைத் தவறு என்று சொல்ல முடியாது. இரண்டு, நீங்களே விருப்பப்பட்டுக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கலாம். வேலையில் சேர்ந்த அன்று நீட்டிய காகிதங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இது மறந்தே போயிருக்கும். இரண்டும் இல்லையென்றால், ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டிய நேரடியான கேள்வி ஒன்றுதான்: "எந்தச் சம்பளத்தின் மேல் கம்பெனி பங்கைக் கணக்கிடுகிறீர்கள்?"

கூட்டல் சரியாக வந்தும் ஏமாற்றப்படும் ஒரு நிலைமையும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. சம்பளச் சீட்டின் பிடித்தப் பகுதியில் பி.எஃப். 3,600 என்று இருக்கும், பாஸ்புக்கில் உங்கள் பங்கு 1,800 மட்டும் இருக்கும். அதாவது கம்பெனியின் பங்கையும் உங்கள் சம்பளத்திலிருந்தே எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். பேசிய ஆண்டுச் சம்பளக் கணக்கில், அதாவது சி.டி.சி.யில், கம்பெனி பங்கை ஓர் இனமாகக் காட்டுவது வேறு. கொடுக்க வேண்டிய மாதச் சம்பளத்திலிருந்து அதைப் பிடிப்பது வேறு. பி.எஃப். திட்டத்தின் 31-ஆம் பத்தி பின்னதைத் தெளிவாகத் தடை செய்கிறது. எனவே நியமனக் கடிதத்தில் மாதச் சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்பதையும் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஓய்வூதியக் கட்டத்தில் பூஜ்ஜியம், அல்லது இருக்கக் கூடாத 1,250

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த அறிகுறிதான். மற்றக் கோளாறுகள் ஒன்றிரண்டு மாதத்தில் கண்ணில் பட்டுவிடும். இது பத்து வருடம் சத்தமில்லாமல் ஓடும், பணத்தை எடுக்கப் போகும்போதோ ஓய்வு பெறும்போதோதான் கழுத்தைப் பிடிக்கும்.

விதி இதுதான். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு வாழ்க்கையில் முதல் முறையாக பி.எஃப்.பில் சேர்பவருக்கு, சேரும்போதே சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தால் அவர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர முடியாது. அவருடைய நிறுவனப் பங்கு முழுவதும் `Employer` கட்டத்தில் விழ வேண்டும், `Pension` பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். சேரும்போது 14,000 வாங்கி, பிறகு சம்பளம் உயர்ந்தவர் திட்டத்திலேயே தொடர்வார். அவருக்கு 1,250 விழுவது சரி. அதே மாதிரி, 2014-க்கு முன்பே உறுப்பினராக இருந்தவர், நடுவில் ஓய்வூதியப் பணத்தை எடுத்து முடிக்காமல் இருந்தால், எத்தனை கம்பெனி மாறினாலும் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் உறுப்பினர்தான்.

இதில் பிழை இரண்டு பக்கமும் நடக்கிறது. 2018-இல் முதல் வேலையில் 24,000 அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய வரி 2,880, 2,880, 0 என்று இருக்க வேண்டும். சம்பளக் கணக்கு பார்க்கும் மென்பொருளில் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைத்துவிட்டதால் 2,880, 1,630, 1,250 என்று விழுந்துகொண்டிருக்கிறது. கூட்டிப் பார்த்தால் சரியாக வரும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. ஆனால் வட்டி சேரும் கணக்கில் வந்திருக்க வேண்டிய 15,000 ரூபாய், ஒவ்வொரு வருடமும் வட்டியே சேராத இடத்துக்குப் போகிறது. பின்னால் கணக்கை மாற்றக் கேட்டாலோ பணம் கேட்டாலோ, தகுதியில்லாமல் ஓய்வூதியப் பங்கு கட்டப்பட்டிருக்கிறது என்று விண்ணப்பம் திரும்பி வரும்.

எதிர்ப்பக்கத்துப் பிழை இதைவிட மோசமானது. 2011-இல் 6,000 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தவர் ஓய்வூதியத் திட்ட உறுப்பினர். 2019-இல் 30,000 அடிப்படைச் சம்பளத்தில் புது கம்பெனிக்கு மாறுகிறார். சேரும்போது நிரப்பும் படிவம் 11-இல், "இதற்கு முன் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தீர்களா" என்ற கேள்விக்கு யாரோ "இல்லை" என்று டிக் அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வரி 3,600, 3,600, 0. பார்க்கும்போது பி.எஃப். பெரிதாக ஏறுகிறதே என்று சந்தோஷமாகக்கூட இருக்கும். ஆனால் மாதாந்திர ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 10 வருட சேவை வேண்டும். அவருக்கு 8 வருடத்தோடு எண்ணிக்கை நின்றுவிட்டது.

உங்களுடையது எந்த வகை என்று பார்க்க, உறுப்பினர் தளத்தில் `View` பட்டியலில் உள்ள `Service History`-க்குப் போங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் பி.எஃப்.பில் சேர்ந்த தேதி ஒன்று, `DOJ EPS` என்று ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்த தேதி இன்னொன்று இருக்கும். `DOJ EPS` இருந்தும் பாஸ்புக்கில் ஓய்வூதியம் பூஜ்ஜியம் என்றாலோ, நடுவில் ஓய்வூதியப் பணத்தை எடுக்காமலே முந்தைய கம்பெனியில் தேதி இருந்து இப்போதைய கம்பெனியில் இல்லை என்றாலோ, பிழை உறுதி. 58 வயது முடிந்தவருக்கு மட்டும் பூஜ்ஜியமாவது இயல்பு, அந்த வயதோடு ஓய்வூதியப் பங்கு நின்றுவிடும்.

இதை நீங்களே தளத்தில் திருத்திவிட முடியாது. வைப்பு நிதி அலுவலகத்தில் பி.எஃப். பணம் கணக்கு எண் 1-இலும் ஓய்வூதியப் பணம் கணக்கு எண் 10-இலும் இருக்கின்றன. மாதவாரியாக எவ்வளவு தவறாகப் போயிருக்கிறது என்ற பட்டியலோடு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்படி நிறுவனம்தான் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்ட பிறகு இந்தக் கடிதத்துக்காக அலைவது பெரும்பாடு, ஆகவே அந்த கம்பெனியில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள், பாஸ்புக்கில் மாதமே இல்லை

முதலில் மாதப் பெயரைச் சரிபாருங்கள். மே மாதச் சம்பளத்துக்கான பணத்தை ஜூன் 15-க்குள் கட்ட வேண்டும். அதனால்தான் மேலே காட்டிய வரியில் `Wage Month` மே என்றும் `Due-Month` ஜூன் என்றும் இருக்கின்றன. பாஸ்புக்கின் ஆண்டும் இதே மாதிரி ஒரு மாதம் தள்ளியே ஓடுகிறது. 2024-25 பக்கத்தைத் திறந்தால் முதல் வரி 2024 மார்ச் சம்பளத்துடையதாக இருக்கும், கடைசி வரி 2025 பிப்ரவரியுடையது. "மார்ச்சைக் காணோம்" என்பவர்கள் அடுத்த ஆண்டின் பக்கத்தைத் திறந்தாலே பாதிப் பேருக்குக் கிடைத்துவிடும்.

அப்புறம், உங்கள் யு.ஏ.என். எண்ணின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர் எண்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாஸ்புக். கம்பெனி தன் பெயரையோ கிளையையோ மாற்றியிருந்தால், பணம் புதிய எண்ணில் விழுந்திருக்கும். எல்லா எண்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

உங்கள் பங்கும் நிறுவனப் பங்கும் எல்லா மாதமும் பூஜ்ஜியமாக இருந்து, ஓய்வூதியம் மட்டும் ஒழுங்காக விழுகிறதா? அது கோளாறில்லை. உங்கள் நிறுவனம் பி.எஃப்.பைத் தன் சொந்த அறக்கட்டளையில் வைத்து நிர்வகிக்க விலக்கு பெற்றிருக்கிறது. சில பெரிய நிறுவனங்களில் இந்த ஏற்பாடு உண்டு. பி.எஃப். இருப்பை அந்த அறக்கட்டளையிடம்தான் கேட்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் கம்பெனி கட்டியதா என்பதையே பார்க்க வேண்டியதுதான். இதற்கு யாரிடமும் போய் நிற்கத் தேவையில்லை. வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் `Establishment Search` என்ற பொதுப் பக்கம் இருக்கிறது, உள்நுழையவே வேண்டாம். கம்பெனி பெயரைப் போட்டு `View Payment Details` அழுத்தினால், எந்த மாதச் சம்பளத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை பேருக்கு எவ்வளவு கட்டப்பட்டது என்று வரிசையாக வரும். அந்த மாதமே பட்டியலில் இல்லையென்றால் கம்பெனி கட்டவில்லை. மாதம் இருந்து, பணியாளர் எண்ணிக்கையும் சரியாக இருந்து, உங்களுக்கு மட்டும் வரவில்லையென்றால், உங்கள் பங்கு வேறொரு யு.ஏ.என்.னில் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய யு.ஏ.என்.னைக் கேட்காமல் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும் கம்பெனிகளில் இது நடக்கிறது.

பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் விஷயம் வேறு. தாமதத்துக்கு நிறுவனம் வட்டியும் அபராதமும் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடி என்ற குற்றமாகவே சட்டத்தில் வருகிறது. முதலில் ஹெச்.ஆருக்கு மின்னஞ்சலில் மாதத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் `epfigms.gov.in` தளத்தில் புகார் பதியலாம். புகாரோடு அந்த மாதச் சம்பளச் சீட்டு, அந்த மாதம் இல்லாத பாஸ்புக் பக்கம், மேலே சொன்ன கட்டணப் பட்டியல் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். இந்த மூன்றும் இருந்தால், "ஆவணம் இல்லை" என்று சொல்லிப் புகாரை முடித்துவிடுவது அவர்களுக்குக் கடினம்.

வட்டி வரவில்லை, வந்ததும் குறைவு

வட்டி ஆண்டுக்கு ஒரே ஒரு வரியாக, `Int. Updated upto 31/03/2025` என்ற மாதிரி விழும். ஆண்டு முடிந்து, அரசு வட்டி வீதத்தை ஏற்ற பிறகே பதிவு நடக்கிறது. ஆகவே ஏப்ரலில் அந்த வரியைத் தேடினால் இருக்காது. எப்போது பதிந்தாலும் மார்ச் 31 தேதிக்கே சேர்ந்துவிடுவதால், பதிவு தாமதமானதால் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

வந்த தொகை குறைவாகத் தோன்றுவதற்கு வழக்கமான காரணம், வருடம் முழுக்கக் கட்டியதற்கும் முழு வருட வட்டி வரும் என்று கணக்குப் போடுவதுதான். ஒரு மாதத்தில் சேர்ந்த பணத்துக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் வட்டி ஓடும். ஏப்ரலில் விழுந்ததற்கு 11 மாதம், மேயில் விழுந்ததற்கு 10 மாதம், இப்படி இறங்கி மார்ச்சில் விழுந்ததற்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் 66. நம் 22,000 சம்பளக்காரருக்கு மாதம் 2,640-உம் 1,390-உம் சேர்த்து 4,030 ரூபாய் ஏறுகிறது. 2024-25-க்கான 8.25 சதவீதத்தில் அது இப்படி வரும்:

```
4,030 × 66 × 8.25 / 1200 = 1,828.61
```

ஆண்டின் தொடக்க இருப்பு ஒரு லட்சம் என்றால் அதற்கு முழு வருட வட்டி 8,250. இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 10,079 ரூபாய் வர வேண்டும். உங்கள் வட்டி வரியின் `Employee`, `Employer` இரண்டையும் கூட்டி இதோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு ரூபாய் வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கில் குறைந்தால், கம்பெனி எந்தெந்த மாதம் தாமதமாகக் கட்டியது என்று `Date` கட்டத்தில் தேடுங்கள். நடுவில் பணம் எடுத்திருந்தால் அந்த மாதத்திலிருந்து வட்டியும் குறைந்திருக்கும்.

இந்தக் கணக்கில் ஓய்வூதியக் கட்டத்தை நான் சேர்க்கவே இல்லை, கவனித்திருப்பீர்கள். அதற்கு வட்டி கிடையாது. வட்டி வரியில் அந்தக் கட்டம் எப்போதும் பூஜ்ஜியமாகத்தான் இருக்கும்.

கணக்கை மாற்றிய பிறகு ஓய்வூதியப் பணத்தைக் காணோம்

பழைய கம்பெனியின் இருப்பைப் புதிய எண்ணுக்கு மாற்றினால், பழைய பாஸ்புக்கில் `DR` என்று ஒரு கழிவு வரியும் புதியதில் `CR` என்று ஒரு வரவு வரியும் விழும். இரண்டிலும் உங்கள் பங்கும் நிறுவனப் பங்கும் அதே தொகையாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே குறைந்தால் அது நிஜக் கோளாறு. ஓய்வூதியக் கட்டம் புதியதில் பூஜ்ஜியமாக இருப்பது மட்டும் கோளாறில்லை. ஓய்வூதியம் கட்டிய தொகையை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. சேவைக் காலத்தையும் சம்பளத்தையும் பெருக்கி 70-ஆல் வகுத்துத்தான் மாத ஓய்வூதியம் நிர்ணயமாகிறது. அதனால் மாற்றும்போது நகர்வது சேவைக் காலமே. பழைய பாஸ்புக்கில் அந்தத் தொகை அப்படியே நிற்கும்.

நகர்ந்ததா என்பதற்குச் சான்று, மாற்றத்தின்போது பழைய அலுவலகம் அனுப்பும் `Annexure K` என்ற தாள். சேவைக் காலம், சம்பளம், கட்டாத நாட்கள் எல்லாம் அதில் இருக்கும். அதிலுள்ள சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் `Service History`-இல் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். விலகிய தேதியைப் பழைய கம்பெனி பதியாமலே விட்டிருந்தால், கடைசிப் பங்கு விழுந்து இரண்டு மாதம் கழித்து, உறுப்பினர் தளத்தில் `Manage` பட்டியலில் `Mark Exit` மூலம் நீங்களே பதிந்துகொள்ளலாம். கடைசியாகப் பங்கு விழுந்த மாதத்துக்குள் வரும் தேதியைத்தான் போட முடியும், பதிந்த பிறகு அதை மாற்றுவதும் எளிதல்ல. ஆகவே பணிவிடுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேதியைப் போடுங்கள்.